நடப்பு விகிதம் ஏறியிருக்கிறது, கையில் ஏன் காசில்லை? இருப்புநிலைக் குறிப்பை வைத்துக் கடன் தீர்க்கும் திறனைக் கணிக்கும் வழி

ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்கைக் கொடுத்து விகிதங்களைப் போடச் சொன்னார்கள். நடப்பு விகிதம் முந்தைய ஆண்டைவிடக் கூடியிருந்தது. "நீர்மைத் தன்மை மேம்பட்டுள்ளது" என்று எழுதி நீட்டினேன். சீனியர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "குடோனுக்குப் போய்ட்டு வந்து எழுது தம்பி" என்றார். போனேன். பின்சுவர் ஓரமாகக் கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள். மேலே விரல் வைத்தால் தூசியில் தடம் விழுந்தது. ஒட்டியிருந்த சீட்டில் போன வருஷக் குளிர்கால ஆர்டரின் எண். நான் "மேம்பட்டுள்ளது" என்று எழுதிய விகிதத்தின் மேல்பகுதியில் அந்தப் பெட்டிகளும் சேர்ந்திருந்தன.

சூத்திரங்களைப் பாடப்புத்தகத்திலேயே மனப்பாடம் செய்துவிடலாம். விடை வந்த பிறகு என்ன எழுதுவது என்பதில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். அதனால் ஒரே ஒரு இருப்புநிலைக் குறிப்பை எடுத்து, கடைசி வரை அதையே தோண்டிப் பார்ப்போம். கீழே இருக்கும் எண்கள் பாடத்துக்காக நான் அமைத்தவை. திருப்பூர்ப் பக்கம் இருக்கும் ஒரு நடுத்தரப் பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரூபாய் லட்சத்தில், மார்ச் 31 அன்று

| விவரம் | 2024 | 2025 |
|---|---|---|
| பங்கு முதல் | 100 | 100 |
| காப்பும் மிகுதியும் | 60 | 70 |
| நீண்டகாலக் கடன் (டேர்ம் லோன்) | 80 | 130 |
| கேஷ் கிரெடிட் | 60 | 80 |
| டேர்ம் லோனில் 12 மாதத்துக்குள் கட்ட வேண்டிய தவணை | 10 | 20 |
| கடனீந்தோர் | 70 | 70 |
| இதர நடப்புப் பொறுப்புகள் | 10 | 10 |
| மொத்தம் | 390 | 480 |
| நிலைச் சொத்துகள் (தேய்மானம் போக) | 165 | 192 |
| சரக்கிருப்பு | 95 | 165 |
| கடனாளிகள் | 105 | 112 |
| ரொக்கமும் வங்கி இருப்பும் | 20 | 6 |
| முன்கூட்டிச் செலுத்திய செலவுகள் | 5 | 5 |
| மொத்தம் | 390 | 480 |

## முதல் படி: எது நடப்பு, எது நடப்பு அல்ல

கால்குலேட்டரை இப்போதே எடுக்க வேண்டாம். ஒவ்வொரு வரியையும் முதலில் சரியான பக்கத்தில் வைக்க வேண்டும். 12 மாதத்துக்குள்ளோ, தொழிலின் இயல்பான இயக்கச் சுழற்சிக்குள்ளோ பணமாகிவிடும் சொத்து நடப்புச் சொத்து. அதே காலத்துக்குள் தீர்க்க வேண்டிய கடன் நடப்புப் பொறுப்பு. நூல் வாங்கி, துணியாக்கி, சாயம் போட்டு, தைத்து, அனுப்பி, பணம் கைக்கு வரும் வரை ஆகும் காலம்தான் பனியன் கம்பெனிக்கு இயக்கச் சுழற்சி.

அதிகம் பேர் சறுக்குவது டேர்ம் லோனில்தான். மொத்த லோன் 150 லட்சம் என்றால், அதை அப்படியே நீண்டகாலக் கடனில் வைத்துவிடுகிறார்கள். வரும் 12 மாதத்தில் கட்ட வேண்டிய 20 லட்சத்தைப் பிரித்து நடப்புப் பொறுப்பில் சேர்க்க வேண்டும். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைக்கு 2021இல் வந்த திருத்தத்தின்படி, இந்தத் தவணை குறுகியகாலக் கடன்களின் கீழ் தனியாகக் காட்டப்படுகிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்கில் இதர நடப்புப் பொறுப்புகளுக்குள் தேட வேண்டும். பழைய ஆண்டையும் புதிய ஆண்டையும் ஒப்பிடுபவர்கள் இதைக் கவனிக்காவிட்டால், கடன் திடீரென்று கூடியதுபோலத் தோன்றும்.

பிரித்தபின் கிடைப்பவை இவை. 2024இல் நடப்புச் சொத்து 225, நடப்புப் பொறுப்பு 150. 2025இல் நடப்புச் சொத்து 288, நடப்புப் பொறுப்பு 180.

## இரண்டாம் படி: குறுகியகாலக் கடன் தீர்க்கும் திறன்

நடப்பு விகிதம் = நடப்புச் சொத்துகள் ÷ நடப்புப் பொறுப்புகள்

2024: 225 ÷ 150 = 1.50
2025: 288 ÷ 180 = 1.60

விரைவு விகிதம் = (நடப்புச் சொத்துகள் − சரக்கிருப்பு − முன்கூட்டிச் செலுத்திய செலவுகள்) ÷ நடப்புப் பொறுப்புகள்

2024: 125 ÷ 150 = 0.83
2025: 118 ÷ 180 = 0.66

ரொக்க விகிதம் = ரொக்கமும் வங்கி இருப்பும் ÷ நடப்புப் பொறுப்புகள்

2024: 20 ÷ 150 = 0.13
2025: 6 ÷ 180 = 0.03

முதலாவது ஏறியிருக்கிறது, மற்ற இரண்டும் இறங்கியிருக்கின்றன. இப்படி எதிர்த்திசையில் போனால் காரணத்தைத் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். நடப்பு விகிதத்தில் இருந்து, விரைவு விகிதத்தில் கழிந்துபோகும் பெரிய சொத்து சரக்கிருப்பு ஒன்றுதான். அது 95இலிருந்து 165க்குப் போயிருக்கிறது. நடப்புச் சொத்து மொத்தமாகக் கூடியதே 63 லட்சம், சரக்கு மட்டும் 70 லட்சம் கூடியிருக்கிறது. அதாவது, சரக்கைத் தவிர மற்றவை எல்லாம் சேர்த்து 7 லட்சம் குறைந்திருக்கின்றன.

விரைவு விகிதம் போடும்போது சில பழைய புத்தகங்களில் வங்கி மேல்வரைப்பற்றை நடப்புப் பொறுப்பிலிருந்து கழித்துவிடச் சொல்வார்கள். வங்கி வருஷா வருஷம் புதுப்பித்துக் கொடுத்துவிடும், உடனே திருப்பிக் கேட்காது என்பது அதற்குச் சொல்லும் நியாயம். அந்த முறையை இங்கே கேஷ் கிரெடிட்டுக்குப் போட்டுப் பாருங்கள்: 118 ÷ (180 − 80) = 1.18. அதே கம்பெனி, அதே நாள். 0.66 என்று தள்ளாடியது 1.18 என்று நிமிர்ந்து நிற்கிறது! எந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தினோம் என்பதை விடைத்தாளில் எழுதாமல் விடையை மட்டும் எழுதுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால் கழிக்கக் கூடாது. கம்பெனிக்கு நெருக்கடி வரும்போது முதலில் கையை இழுத்துக்கொள்வது கேஷ் கிரெடிட் கொடுத்த வங்கிதான்.

## 2:1 என்ற அளவுகோலை எப்படிக் கையாள்வது

"நடப்பு விகிதம் 2:1 இருக்க வேண்டும், இங்கே 1.6 இருப்பதால் திருப்திகரமாக இல்லை" என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் 2:1 என்பது வெறும் கைப்பழக்கக் கணக்கு. இந்தியாவில் வங்கிகளிடம் புழங்கிய அளவு வேறு. 1974இல் ரிசர்வ் வங்கி அமைத்த டாண்டன் குழு, நடைமுறை மூலதனக் கடனுக்கு வகுத்த இரண்டாவது முறையில், நடப்புச் சொத்தில் கால்பங்கையாவது கம்பெனி தன் நீண்டகால நிதியிலிருந்து போட வேண்டும் என்றது. நடப்புச் சொத்து 100 என்றால் 25 சொந்தப் பொறுப்பு. மீதி 75 மட்டுமே நடப்புப் பொறுப்பாக இருக்கலாம். 100 ÷ 75 = 1.33. வங்கி மேலாளர்கள் வாயில் இன்றைக்கும் 1.33 என்ற எண் அடிபடுவது இதனால்தான்.

தொழிலையும் பார்க்க வேண்டும். தினமும் ரொக்கத்துக்கு விற்கும் மளிகைக் கடையோ ஓட்டலோ 1க்குக் கீழே இருந்துகொண்டு நிம்மதியாக நடக்கும். தைத்து அனுப்பி, பணத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் பனியன் கம்பெனிக்கு அது கட்டாது.

## மூன்றாம் படி: நீண்டகாலக் கடன் தீர்க்கும் திறன்

இதைப் பாடப்புத்தகத்தில் புற அகப் பொறுப்பு விகிதம் என்பார்கள். நீண்டகாலக் கடனைப் பங்குதாரர் நிதியால் வகுப்பது. பங்குதாரர் நிதி 2024இல் 160, 2025இல் 170.

2024: 80 ÷ 160 = 0.50
2025: 130 ÷ 170 = 0.76

வட்டி கட்டும் கடன் முழுவதையும் கணக்கில் எடுப்பவர்களும் உண்டு. டேர்ம் லோன், அதன் நடப்புத் தவணை, கேஷ் கிரெடிட் மூன்றையும் சேர்த்தால் 2024இல் 150, 2025இல் 230.

2024: 150 ÷ 160 = 0.94
2025: 230 ÷ 170 = 1.35

எதை எடுப்பது? தேர்வுக்குப் பாடநூல் சொல்வதை. கம்பெனியின் உண்மை நிலையைப் புரிந்துகொள்ள இரண்டாவதை. ஏனென்றால் கேஷ் கிரெடிட் பெயரளவில்தான் குறுகியகாலக் கடன். ஆண்டுக்கணக்கில் அது அப்படியே நிற்கும், அதற்கும் மாதா மாதம் வட்டி ஓடும்.

உரிமையாளர் விகிதம் = பங்குதாரர் நிதி ÷ மொத்தச் சொத்துகள்

2024: 160 ÷ 390 = 41%
2025: 170 ÷ 480 = 35%

கம்பெனியின் நூறு ரூபாய்ச் சொத்தில் சொந்தக்காரர்களின் காசு 41 ரூபாயாக இருந்தது, இப்போது 35 ரூபாய். சொத்து மதிப்பு சரிந்தால் கடன் கொடுத்தவர்களுக்கு முன்னால் அடியைத் தாங்கும் மெத்தை அதுதான். அந்த மெத்தை மெலிந்திருக்கிறது. நிலைச் சொத்தில் நற்பெயர் போன்ற புலனாகாச் சொத்து இருந்தால் அதைக் கழித்துவிட்டுப் போடுவது நல்லது. இந்தக் கம்பெனியில் அப்படி எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

## நான்காம் படி: பணம் எங்கிருந்து எங்கே போனது

இந்தப் படியைப் பெரும்பாலான விடைத்தாள்களில் பார்க்க முடிவதில்லை. ஆனால் நடப்பு விகிதம் ஏறி, புற அகப் பொறுப்பு விகிதமும் ஏறியதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது.

குறிப்புகளிலிருந்து இரண்டு தகவல்களை எடுத்துக்கொள்வோம். ஆண்டுத் தேய்மானம் 18 லட்சம். புதிதாக வாங்கிய டேர்ம் லோன் 70 லட்சம். நிலைச் சொத்து 165இல் தேய்மானம் 18 போனால் 147. ஆண்டு முடிவில் 192 இருக்கிறது. எனவே புதிதாக வாங்கிய மெஷின்கள் 45 லட்சம்.

லோன் 70, மெஷின் 45. மீதி 25 லட்சம் எங்கே?

நீண்டகால வழியில் வந்ததை எல்லாம் கூட்டுவோம். தக்கவைத்த லாபம் 10, தேய்மானம் 18, புது லோன் 70, ஆக 98. இதில் மெஷினுக்கு 45 போயிற்று. வரும் ஆண்டுத் தவணை 20 நடப்புப் பொறுப்புக்கு மாறியது. மீதி 33. நடைமுறை மூலதனம் எவ்வளவு கூடியது என்று பாருங்கள்: 2024இல் 225 − 150 = 75, 2025இல் 288 − 180 = 108. கூடியது சரியாக 33.

அதாவது, நீண்டகாலப் பணம் குடோனுக்குள் போய்ச் சரக்காக உட்கார்ந்திருக்கிறது. நீண்டகாலக் கடன் வாங்கி நடப்புச் சொத்தைப் பெருக்கினால் நடப்பு விகிதம் கூடத்தான் செய்யும். மேல்பகுதி கூடுகிறது, கீழ்ப்பகுதி அசையவில்லை. ஆனால் அதற்கான விலையைப் புற அகப் பொறுப்பு விகிதம் கொடுத்துவிட்டது. ஒரு விகிதத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் இது கண்ணில் படாது.

## ஐந்தாம் படி: மேல்பகுதியின் தரம்

இனி குடோனுக்குப் போவோம். சரக்கிருப்பு 165இல், ரத்தான ஒரு குளிர்கால ஆர்டரின் உடுப்புகள் 40 லட்சத்துக்கு நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்றால் 15 லட்சம்தான் தேறும். அடக்க விலை, நிகரத் தீர்வு மதிப்பு இரண்டில் எது குறைவோ அதில்தான் சரக்கை மதிப்பிட வேண்டும் என்பது கணக்கியல் தரம் இரண்டின் விதி. அப்படியானால் 25 லட்சம் குறைய வேண்டும்.

அடுத்து கடனாளிகள். மூன்றாம் அட்டவணைப்படி, பாக்கி எவ்வளவு காலமாக நிற்கிறது என்ற வயது அட்டவணையையும் கம்பெனி கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஓராண்டு, ஒன்று முதல் இரண்டு ஆண்டு என்று போகும். அதில் ஓராண்டைத் தாண்டி, தகராறில் இருக்கும் ஒரு பாக்கி 18 லட்சம். வராது என்றே எடுத்துக்கொள்வோம்.

மொத்தம் 43 லட்சம் நடப்புச் சொத்திலிருந்து போகிறது. அதே 43 லட்சம் நஷ்டமாகி, வரியைக் கணக்கில் எடுக்காவிட்டால், பங்குதாரர் நிதியிலிருந்தும் போகிறது. இந்தக் கடைசி வாக்கியத்தை மாணவர்கள் தவறவிடுகிறார்கள். கெட்டுப்போன சரக்கு நீர்மைத் தன்மையை மட்டும் பாதிப்பதாக நினைத்து அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

| விகிதம், 2025 | புத்தகப்படி | திருத்தியபின் |
|---|---|---|
| நடப்பு விகிதம் | 1.60 | 245 ÷ 180 = 1.36 |
| விரைவு விகிதம் | 0.66 | 100 ÷ 180 = 0.56 |
| மொத்த வட்டிக் கடன் ÷ பங்குதாரர் நிதி | 1.35 | 230 ÷ 127 = 1.81 |
| உரிமையாளர் விகிதம் | 35% | 127 ÷ 437 = 29% |

1.36 என்பது வங்கியின் 1.33க்கு மேலேதான் நிற்கிறது. ஆனால் 180இன் 1.33 மடங்கு 240. இன்னும் 5 லட்சம் பாக்கி வராமல் போனால் அந்தக் கோட்டைத் தொட்டுவிடும். நீர்மையைவிட நீண்டகாலத் திறன்தான் அதிகம் அடிபட்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். கடன் விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எகிறியிருக்கிறது. இங்கே கீழ்ப்பகுதி சின்னது. அதனால் அதே 43 லட்சம் அதைப் பலமாக ஆட்டுகிறது.

## மார்ச் 31இன் ஒப்பனை

இருப்புநிலைக் குறிப்பு ஒரே நாளின் புகைப்படம். கேமராவுக்கு முன் தலைசீவிக்கொள்வதை யாராலும் தடுக்க முடியாது. மார்ச் கடைசி வாரத்தில் வாடிக்கையாளர்களை நெருக்கி 60 லட்சம் வசூலித்து, அதைக் கேஷ் கிரெடிட்டில் கட்டிவிட்டால் என்ன ஆகும்? 288 − 60 = 228. 180 − 60 = 120. விகிதம் 1.90! ஏப்ரல் முதல் வாரத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கம்பெனியின் நிலை இம்மியும் மாறவில்லை.

இதை ஒட்டியே தேர்வில் ஒரு கேள்வி அடிக்கடி வரும்: கடனீந்தோருக்குப் பணம் கொடுத்தால் நடப்பு விகிதம் கூடுமா, குறையுமா? விடை, விகிதம் அப்போது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 1க்கு மேல் இருந்தால் கூடும். 1க்குக் கீழே இருந்தால் குறையும். சொத்து 90, பொறுப்பு 120 என்றால் 0.75. அதில் 30 கொடுத்துவிட்டால் 60 ÷ 90 = 0.67. இரண்டு பக்கமும் ஒரே தொகை குறையும்போது, சின்னதாக இருக்கும் பக்கத்துக்கு விகிதாசாரத்தில் அடி பலம். மனப்பாடம் செய்ய வேண்டாம், இப்படி இரண்டு சின்ன எண்களைப் போட்டுப் பார்த்தால் போதும். கடனுக்குச் சரக்கு வாங்கினால் இரண்டு பக்கமும் கூடும், எனவே விளைவு தலைகீழாகும்.

ஒப்பனையைக் கண்டுபிடிக்க ஒரு வழி, ஏப்ரல் மாத வங்கி அறிக்கையைக் கேட்பது. மார்ச் 30இல் இறங்கி ஏப்ரல் 3இல் ஏறினால் கதை தெரிந்துவிடும்.

ஒப்பனை வேறு, மோசடி வேறு. மோசடியை விகிதம் காட்டிக்கொடுக்காது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், 2008 செப்டம்பர் 30 கணக்கில் காட்டிய ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். அந்தக் கணக்கை வைத்து ரொக்க விகிதம் போட்டவர்களுக்குச் சூத்திரத்தில் பிழை ஏதும் இல்லை. வங்கியிலிருந்து நேரடியாக வாங்கும் உறுதிக் கடிதம்தான் அங்கே வேலை செய்திருக்க வேண்டும்.

## விளக்கம் எழுதும்போது

2021 திருத்தத்தின்படி கம்பெனிகள் நடப்பு விகிதம், புற அகப் பொறுப்பு விகிதம் எனும் கடன் விகிதம் உட்படச் சில விகிதங்களைக் குறிப்புகளில் காட்ட வேண்டும். முந்தைய ஆண்டைவிட 25 சதவீதத்துக்கு மேல் மாறினால் காரணமும் சொல்ல வேண்டும். நம் கம்பெனியின் நடப்பு விகிதம் 1.50இலிருந்து 1.60, மாற்றம் 7 சதவீதத்துக்கும் குறைவு, விளக்கம் தேவையில்லை. கடன் விகிதம் எந்த முறையில் போட்டாலும் 40 சதவீதத்துக்கு மேல் மாறியிருக்கிறது, விளக்கம் கொடுத்தாக வேண்டும். எனவே குறிப்புகளை வாசிக்கும்போது கடன் விகிதத்தின் கீழ் இருக்கும் காரணத்திலிருந்து தொடங்குவது என் வழக்கம். "புதிய மெஷின்களுக்காக லோன் வாங்கியதால்" என்று ஒரு வரி இருக்கும். நான்காம் படியில் போட்ட 70க்கும் 45க்கும் உள்ள கணக்கை அந்த வரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்குக்கு விளக்கம் கேட்டால் நான் எழுதுவது இப்படி இருக்கும்:

"நடப்பு விகிதம் 1.50இலிருந்து 1.60ஆகக் கூடியிருப்பினும், விரைவு விகிதம் 0.83இலிருந்து 0.66ஆகக் குறைந்துள்ளது. உயர்வு முழுவதும் சரக்கிருப்பு 70 லட்சம் பெருகியதால் வந்தது. புதிய நீண்டகாலக் கடனில் ஒரு பகுதி இந்தச் சரக்கில் முடங்கியுள்ளது. அதனால் புற அகப் பொறுப்பு விகிதம் 0.50இலிருந்து 0.76ஆக உயர்ந்து, உரிமையாளர் விகிதம் 41 சதவீதத்திலிருந்து 35 சதவீதமாகக் குறைந்துள்ளது. விற்காத சரக்கையும் வராத பாக்கியையும் நீக்கினால் நடப்பு விகிதம் 1.36. அடுத்த 12 மாதத்தில் 20 லட்சம் தவணை கட்ட வேண்டியிருக்க, ரொக்கம் 6 லட்சமே உள்ளது."

கடைசி வாக்கியத்துக்கு ஒரு குறிப்பு. தவணையைக் கையிருப்பிலிருந்துதான் கட்ட வேண்டும் என்பதில்லை, ஆண்டு முழுவதும் வரும் பணத்திலிருந்து கட்டலாம். இந்த ஆண்டைப் போலவே லாபம் 10, தேய்மானம் 18 என்று வந்தால் 28 லட்சம் கிடைக்கும், 20 லட்சத் தவணைக்குப் போதும். ஆனால் இந்த ஆண்டும் 28 லட்சம் வந்ததே, அது எங்கே போயிற்று என்று பாருங்கள். ரொக்கம் 20இலிருந்து 6க்கு இறங்கியிருக்கிறது. வட்டி கட்டும் திறனையும் தவணை கட்டும் திறனையும் இருப்புநிலைக் குறிப்பு மட்டும் சொல்லாது. இலாப நட்டக் கணக்கும் ரொக்க ஓட்ட அறிக்கையும் வேண்டும். அவை கைக்கு வரும் வரை அந்தப் பெட்டிகள் எந்த விலைக்குப் போகும் என்று கேட்டுவைக்கலாம்.